விகித முறையா, டுவால் முக்கோணமா: ஒரே ஆயில் ரிப்போர்ட், இரண்டு வாசிப்பு

டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலில் கரைந்திருக்கும் வாயுக்களை அளந்து உள்ளே என்ன கோளாறு என்று சொல்ல இரண்டு முறைகள் உண்டு: விகித முறை, டுவால் முக்கோணம். மணலியில் ஒரு ஆலையின் 110/11 கேவி டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்வோம். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப் சேஞ்சரின் ஆயில் தனிப் பெட்டியில் இருக்கிறது, மெயின் டேங்கோடு கலக்காது. மெயின் டேங்க் ரிப்போர்ட்டில் ஹைட்ரஜன் 100 பிபிஎம், மீத்தேன் 190, ஈத்தேன் 50, எத்திலீன் 230, அசிட்டிலீன் 80. இந்த வகைக்கு அசிட்டிலீன் 20-ஐத் தாண்டினாலே விசாரிக்க வேண்டும்.

ஆயில் மிதமாகச் சூடானால் மீத்தேனும் ஈத்தேனும் கிளம்பும். சூடு ஏற ஏற எத்திலீன் முந்தும். ஆர்க் அடித்தால்தான் அசிட்டிலீன் பெருகும். இன்சுலேஷனின் ஒரு பகுதியில் மட்டும் சிறிதாக நடக்கும் பார்ஷியல் டிஸ்சார்ஜில் பெரும்பங்கு ஹைட்ரஜனே.

ஐ.இ.சி. 60599 விகித முறையில் மூன்று வகுத்தல்கள். அசிட்டிலீன்/எத்திலீன் 0.35, மீத்தேன்/ஹைட்ரஜன் 1.9, எத்திலீன்/ஈத்தேன் 4.6. கடைசி இரண்டும் 700 டிகிரிக்கு மேற்பட்ட சூடு என்கின்றன. ஆனால் அதற்கு முதல் விகிதம் 0.2-க்குள் இருக்க வேண்டும். பலமான ஆர்க் என்று சொல்ல 0.6 முதல் 2.5 வரை வேண்டும். 0.35 இரண்டிலும் சேராது. அட்டவணை பதில் தராமல் நின்றுவிடுகிறது.

டுவால் முக்கோணம் மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் மூன்றை மட்டும் பார்க்கும். மொத்தம் 500, பங்கு 38, 46, 16 சதவீதம். புள்ளி விழுவது டிடி மண்டலத்தில், அதாவது சூடும் ஆர்க்கும் சேர்ந்த கோளாறு. இந்த ரிப்போர்ட்டுக்கு முக்கோணமே மேல்.

இன்னொரு வசதியும் அதற்கு உண்டு. ஆயில் சாம்பிள் எடுக்கும் சிரிஞ்சில் ஒரு காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால், ஆயிலில் நிற்க விரும்பாத ஹைட்ரஜன் முதலில் அதற்குள் போய்விடும். வேறொரு சாம்பிளில் ஹைட்ரஜன் 100 இருந்தது 50 ஆகி, மீத்தேன் 60 அப்படியே இருந்தால், 0.6 ஆக வரவேண்டிய மீத்தேன்/ஹைட்ரஜன் விகிதம் 1.2 ஆகிவிடும், ஆர்க் கோளாறு சூட்டுக் கோளாறு போல வேஷம் போடும். முக்கோணத்தில் ஹைட்ரஜன் இல்லை, அதனால் இந்தப் பிழை அதைப் பெரிதாகத் தொடாது. எப்படியானாலும் வால்விலிருந்து முதலில் வரும் தேங்கிய ஆயிலை வடித்துவிட்டு, குமிழியில்லாமல் எடுத்து, வெயில் படாமல் சுற்றி லேபுக்கு அனுப்புங்கள்.

முக்கோணத்தின் பலவீனம் பெரியது: நல்ல டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஏதோ ஒரு கோளாறைச் சொல்லும், ஏனென்றால் அதில் ‘நலம்’ என்ற மண்டலமே கிடையாது. வாயு அளவு வரம்பைத் தாண்டினாலோ, முந்தைய ரிப்போர்ட்டைவிட வேகமாக ஏறினாலோ மட்டும் வரையுங்கள். பார்ஷியல் டிஸ்சார்ஜைத் தேடும்போது ஹைட்ரஜனைப் பார்க்கும் விகித முறையை விட்டுவிடாதீர்கள்.

நம் கேஸில் டேப் சேஞ்சர் பெட்டியிலிருந்து ஆயில் கசிந்திருக்குமா? அப்படியானால் அசிட்டிலீன்/ஹைட்ரஜன் விகிதம் பெரும்பாலும் 2 அல்லது 3-ஐத் தாண்டும், இங்கே 0.8தான். ஆகவே சந்தேகம் மெயின் டேங்குக்குள்ளேயே. சில நாளில் மறு சாம்பிள் எடுத்து அசிட்டிலீன் ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் ஷட்டவுன் வாங்கி, ஒவ்வொரு டேப்பிலும் வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் எடுங்கள். ஒரே ஒரு டேப்பில் மதிப்பு துள்ளினால் கோளாறு மெயின் டேங்க் ஆயிலில் இருக்கும் அந்த டேப்பின் செலக்டர் காண்டாக்ட். ஒரு ஃபேஸில் எல்லா டேப்பிலும் ஒரே அளவு கூடியிருந்தால் புஷ்ஷிங் பக்க லீட் ஜாயிண்ட்.