மீட்டர் சரி, ரீடிங் சரி, பில் மட்டும் தப்பு: மின்வாரியத்துக்குப் புகார் எழுதும் முன் பாருங்கள்

தமிழ்நாட்டில் வீட்டுக் கரண்ட் பில் திடீரென்று எகிறினால் பலரும் எழுதும் புகார், “மீட்டர் வேகமாக ஓடுகிறது, சோதித்து மாற்றித் தரவும்” என்பதுதான். அங்கேதான் ஏமாறுகிறோம். மீட்டரைச் சோதிப்பார்கள், நன்றாக இருக்கிறது என்று எழுதிப் புகாரை முடித்துவிடுவார்கள். அந்த அறிக்கை பொய்யும் அல்ல. தவறு மீட்டரில் இல்லை, போன தடவை பதிந்த ரீடிங்கில் இருக்கிறது.

ஒரு வீட்டுக் கணக்கைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் சுமாராக ஓடும் வீடு. பழைய ரீடிங் 12460. அடுத்த முறை கணக்கீட்டாளர் மீட்டர் பெட்டியைத் திறக்காமலே 12560 என்று பதிகிறார். சரியாக 100 யூனிட், அதாவது கட்டணம் பூஜ்யம். இலவசமாகப் போனால் யார் போய்க் கேட்பார்கள்? அதற்கடுத்த முறை உண்மையான ரீடிங்கான 13230 பதிவாகிறது. நான்கு மாத மின்சாரத்தில் 670 யூனிட் ஒரே பில்லில் வந்து விழுகிறது.

2022 செப்டம்பர் கட்டணப்படி போட்டால் இந்த 670 யூனிட்டுக்கு ரூ.3,380. முந்தைய சுற்றின் 100 யூனிட்டையும் சேர்த்து வரும் 770 யூனிட்டை இரண்டு சுற்றுக்கும் 385 என்று பிரித்தால் ஒவ்வொன்றும் ரூ.1,057.50, மொத்தம் ரூ.2,115. ஒரு யூனிட்கூட அதிகமாக எழுதாமலே ரூ.1,265 கூடுதலாகப் போயிருக்கிறது. காரணம், 500 யூனிட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு ரூ.2.25 என்பது ரூ.4.50 ஆகிவிடும், மேலே உள்ளவை ரூ.8, ரூ.9 என்று ஏறும். அதன்பின் விகிதங்கள் கூடியிருக்கின்றன, ஆனால் இந்த 500 யூனிட் பொறி அப்படியே இருக்கிறது.

கண்டுபிடிப்பது சுலபம். வெள்ளை அட்டையையோ இணையத்தில் உள்ள பழைய பயன்பாட்டுப் பட்டியலையோ எடுங்கள். ஒரு சுற்று வழக்கத்துக்கு மாறாகக் குறைந்து, அடுத்தது எகிறி, இரண்டையும் கூட்டினால் வழக்கமான அளவைப் போல இரு மடங்கு வருகிறதா? அப்படியென்றால் ரீடிங் தவறுதான். கூட்டினாலும் மிக அதிகமாக வந்தால் விஷயம் வேறு. அப்போது மீட்டர் சோதனை கேட்கலாம். மீட்டர் பழுது என்று உறுதியானால், தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பின்படி முந்தைய நான்கு மாதச் சராசரியை வைத்துக் கணக்கிட வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதாதீர்கள்.

கடிதம் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்குப் போக வேண்டும். சாரம் இவ்வளவு போதும்:

“மின் இணைப்பு எண் …, மீட்டர் எண் …. (தேதி) அன்று 12560 என்று பதியப்பட்ட ரீடிங் உண்மையானதல்ல. என் வழக்கமான பயன்பாடு சுமார் 380 யூனிட். அந்தச் சுற்றில் 100 மட்டுமே காட்டப்பட்டுள்ளது. விடுபட்ட யூனிட்டுகள் (தேதி) பில்லில் சேர்ந்ததால் 500 யூனிட்டுக்கு மேற்பட்ட விகிதம் விதிக்கப்பட்டுள்ளது. இரு சுற்றுகளின் மொத்தம் 770 யூனிட்டில் எனக்கு மறுப்பில்லை. மீட்டர் நினைவகத்தில் உள்ள பழைய ரீடிங்கை எடுத்தோ, நாள் கணக்கிலோ பிரித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியே இலவச 100 யூனிட் உட்படக் கட்டணம் கணக்கிட்டு, திருத்திய பில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

“மறுப்பில்லை” என்ற வரிதான் முக்கியம். மீட்டரை யாரும் குறை சொல்லாதபோது, மீட்டர் சரி என்று பதில் எழுதித் தப்பிக்க வழியில்லை. பல ஸ்டாட்டிக் மீட்டர்களில் முந்தைய மாத ரீடிங்குகள் சேமிப்பில் இருக்கும், கேபிள் வைத்து எடுக்கலாம். கேட்டால்தான் எடுப்பார்கள்.

இணைப்பாகக் கடந்த ஓராண்டுப் பயன்பாட்டுப் பட்டியலையும், மீட்டர் எண்ணும் kWh எண்ணும் தெரியும் படத்தையும் வையுங்கள். திரை தானாக மாறிக்கொண்டே இருக்கும்; வோல்டேஜ், கேவிஏ எண்களைப் படம் எடுத்துவிடாமல் kWh வரும் வரை காத்திருக்க வேண்டும். நகலில் தேதியுடன் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். “சொல்லிட்டோம், அடுத்த பில்லில் கழிஞ்சிடும்” என்ற வாய்ப்பேச்சுக்கு எந்தப் பதிவும் கிடையாது.

கட்ட வேண்டிய கடைசித் தேதிக்கு முன்பே புகாரைக் கொடுங்கள். அதற்குள் தீராவிட்டால் பணத்தைக் கட்டாமல் விடுவது ஆபத்து. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56-ன்படி இணைப்பைத் துண்டிக்க 15 நாள் எழுத்து நோட்டீஸ் தர வேண்டும். கேட்ட தொகையையோ, முந்தைய ஆறு மாதச் சராசரிப்படி வரும் தொகையையோ, எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் செலுத்தினால் தகராறு தீரும் வரை துண்டிக்க முடியாது. செலுத்தும்போது ஆட்சேபத்துடன் கட்டுவதாகக் கடிதத்தில் எழுதிக் கொடுங்கள்.

பிரிவு அலுவலகம் அசையவில்லை என்றால், முத்திரையிட்ட நகலோடு உங்கள் மின்பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கு மனு கொடுக்கலாம். அதன் உத்தரவும் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள மின்குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது அந்த முத்திரை நகலைத்தான்.