கல்யாண மெஹந்திக்கு முன்பணம் கொடுக்கும் முன் முழுக் கைப் படம் கேளுங்கள்

போன ஆவணியில் திருப்பரங்குன்றத்தில் என் தங்கச்சிக்குக் கல்யாணம். மெஹந்தி போட மதுரை அண்ணாநகர் பக்கம் ஒரு பெண்ணைப் பிடித்தோம். இரண்டு கையும் முழங்கை வரை, உள்ளும் புறமும் சேர்த்து 7,000 ரூபாய் பேச்சு. 3,000 முன்பணம் கொடுத்தாயிற்று. போனில் அவர் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தன. அந்தப் படங்களில்தான் நாங்கள் ஏமாந்தோம். எல்லாமே உள்ளங்கையின் நடுப்பகுதியை மட்டும் கிட்டத்தில் வைத்து எடுத்தவை. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. எல்லாமே கோனிலிருந்து விழுந்த ஈரம் காயாத பசை. உதிர்த்த பிறகு, மறுநாள் சிவந்து நிற்கிற கையின் படமும் இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஐந்தரைக்கு வந்தார். இடது கையை முழங்கையிலிருந்து ஆரம்பித்தார். நல்ல கைதான், குறை சொல்ல மாட்டேன். முழங்கைக்குக் கீழே நெருக்கமான வலைக்கட்டம், அதற்குள் சின்னச் சின்னப் பூ, பக்கத்தில் மாங்காய்க் கொடி. முன்கைக்கு மட்டுமே இரண்டு மணி நேரம் போயிற்று. மணிக்கட்டில் வளையல் மாதிரி ஒரு பட்டை போட்டு, உள்ளங்கையில் மயிலையும் கொடியையும் முடித்தபோது ஒன்பது மணி. அவருக்கு ஒரு போன் வந்தது. "அக்கா, இன்னொரு கல்யாண வீட்டுக்குப் போகணும். வலது கையைத் தங்கச்சி போட்டுருவா, என்னை மாதிரியே போடுவா" என்று சொல்லி, கூட வந்திருந்த சின்னப் பெண்ணை உட்கார வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பேசியபோது உதவியாள் போடுவாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் பிள்ளை இடது கையைப் போனில் படம் எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்து வலது கையில் போட்டாள். பந்தி வேலையாக அடுப்படிக்குப் போன நான், திரும்பி வந்து இரண்டு கையையும் சேர்த்து நீட்டச் சொன்னபோதுதான் கோளாறு தெரிந்தது. படத்தில் இருந்ததை அப்படியே போட்டிருக்கிறாள், இடம் வலம் திருப்பவில்லை. உள்ளங்கை இரண்டையும் ஒட்டி வைத்தால் மயில் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். இங்கே இரண்டும் ஒரே பக்கம் பார்க்கின்றன. இடது கையில் மணிக்கட்டிலிருந்து கிளம்பிய கொடி கட்டைவிரல் மேட்டைச் சுற்றி ஆள்காட்டி விரலுக்கு ஏறுகிறது. வலது கையில் அதே கொடி சுண்டுவிரல் பக்கம் சாய்கிறது. அதனால் கட்டைவிரல் தனியாக நின்றது. அதற்கென்று ஒட்டாமல் ஒரு பூவை வைத்து முடித்திருந்தாள்.

ஒரு மயிலை மட்டுமாவது மாற்றலாம் என்று ஈரத் துணியால் துடைத்தேன். போட்டுப் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். பசை வந்துவிட்டது, ஆனால் மயிலின் கழுத்தும் தோகையும் வெளிர் ஆரஞ்சில் தோலில் அப்படியே இருந்தன. அதன் மேலேயே இன்னொரு மயிலைப் போட வேண்டியதாயிற்று. மறுநாள் உற்றுப் பார்த்தால் அந்த இடத்தில் இரண்டு கழுத்து. மெஹந்தியில் இல்லாததைச் சேர்க்கலாம், போட்டதை எடுக்க முடியாது. அதனால் முடிந்த பிறகு பார்ப்பதில் பயனில்லை. பெரிய உருக்களின் வெளிக்கோடு மட்டும் விழுந்து, உள்ளே நிரப்ப ஆரம்பிக்கும் முன்னால் நிறுத்தச் சொல்லிப் பார்க்க வேண்டும். கொடி எங்கே கிளம்பி எந்த விரலில் முடிகிறது, மணிக்கட்டுப் பட்டைக்கு மேலே வந்த கொடி பட்டைக்குக் கீழேயும் தொடர்கிறதா என்று அப்போது பளிச்சென்று தெரியும். எங்கள் வீட்டில் இடது கையிலேயே பட்டையில் கொடி அறுந்து, உள்ளங்கையில் புதிதாக வேறொன்று தொடங்கியிருந்தது. இரண்டு பேர் கைகளை ஒட்ட வைத்த மாதிரி இருந்தது. கையை நன்றாக விரித்து வைத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன். குவிந்த கையில் போட்ட வட்டம் விரித்ததும் முட்டை மாதிரி நீண்டுவிட்டது.

அடுத்தது நெருக்கம். கிட்டத்தில் பார்க்கும்போது ஒவ்வொரு துண்டும் நன்றாகத்தான் இருந்தது. என் கொழுந்தன் மகள் ஒரு வழி சொன்னாள். கையைப் படம் எடுத்து, கருப்பு வெள்ளையாக மாற்றி, கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பார்க்கச் சொன்னாள். பார்த்தால் முழங்கைப் பக்கம் ஒரே கருப்பு, உள்ளங்கை நடுவில் வெள்ளைத் திட்டு, விரல்கள் மறுபடி கருப்பு. முன்கையிலேயே நேரத்தைத் தின்றுவிட்டு, உள்ளங்கையை அவசரமாக முடித்ததன் அடையாளம் அது. வெற்றிடம் இருப்பது தப்பில்லை. மயிலைச் சுற்றிக் கொஞ்சம் தோல் தெரிந்தால்தான் மயில் எடுப்பாக இருக்கும். ஆனால் அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டதாக, இரண்டு கையிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். சிவப்பு பிடிக்கிற விதமும் இதில் சேரும். உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் தோல் தடிப்பு, நன்றாகச் சிவக்கும். முன்கையில் வெளிறித்தான் பிடிக்கும். எங்களுக்கு இரண்டு மணி நேர வேலை போன வலைக்கட்டம்தான் கடைசியில் மங்கலாக நின்றது.

மூன்றாவது, கோட்டின் தடிமன். மூத்தவர் கோன் நுனியை மிகச் சின்னதாக வெட்டியிருந்தார். சின்னப் பெண்ணின் கோனில் நடுவில் கட்டி அடைத்தது. பசையைத் துணியில் சரியாக வடிகட்டவில்லை போலிருக்கிறது. அவள் நுனியை இன்னும் கொஞ்சம் வெட்டிவிட்டு மேலே போட்டாள். அந்த இடத்திலிருந்து கோடு இரண்டு பங்கு தடித்தது. ஆள்காட்டி விரல் மெல்லிய கோடு, நடுவிரலிலிருந்து தடித்த கோடு. வெளிக்கோடு தடித்து உள்கோடு மெலிந்திருந்தால் அது அழகு. உள்ளே நிரப்பிய கோடே வெளிக்கோட்டின் தடிமனுக்கு வந்துவிட்டால் உரு தெரியாது. பசை உதிர்ந்து நிறம் ஏறியதும் கோடுகள் கொஞ்சம் பரவத்தான் செய்யும், நெருங்கிய கோடுகள் ஒட்டிக்கொள்ளும். நடுவிரலில் வலைக்கட்டம் போன இடம் தெரியவில்லை, ஒரே சிவப்புப் பூச்சாக இருந்தது. பசை காயும்போதே இதைச் சொன்னேன். "காஞ்சதும் சரியாயிரும்க்கா" என்றாள் அந்தப் பிள்ளை. சரியாகாது. காய்ந்த பிறகு கோடு மெலிவதில்லை.

அன்றைக்கு எங்களால் முடிந்தது ஒன்றுதான். இடது கையின் முக்கியமான வெளிக்கோடுகளின் மேல் இன்னொரு முறை போகச் சொல்லித் தடிப்பாக்கினோம், வலது உள்ளங்கை வெற்றிடத்தில் புள்ளிகள் வைத்து நிரப்பினோம். இரண்டு கையும் கொஞ்சம் நெருங்கி வந்தன. முடிக்கும்போது மணி பன்னிரண்டரை. காலையில் முகூர்த்தம், பெண்ணைத் தூங்க விடவே இல்லை.

மறுநாள் மண்டபத்துக்கே வந்து மீதி 4,000 கேட்டார்கள். கையைக் காட்டினேன். "டிசைன் ஒவ்வொருத்தர் ரசனைக்கா" என்றார் மூத்தவர். வந்த சனத்துக்கு முன்னால் வாக்குவாதம் வேண்டாம் என்று அம்மா கொடுத்துவிட்டாள். எது ரசனை, எது கோளாறு என்று எழுத்தில் இல்லாததால் நான் பேச இடமில்லை. அதனால் தைக்கு என் மதினி மகள் கல்யாணத்துக்கு ஆள் பேசும்போது ஒரு தாளில் எழுதி வாங்கியிருக்கிறோம்: இரண்டு கையும் ஒரே ஆள் போட வேண்டும், வெளிக்கோட்டில் நிறுத்திக் காட்ட வேண்டும், பாதிப் பணம் மறுநாள் நிறம் பார்த்த பிறகு. இரண்டு பேர் முடியாது என்று போய்விட்டார்கள். மூன்றாவது பெண் ஒத்துக்கொண்டு, விரல் நுனி முதல் முழங்கை வரை சிவந்த கைகளின் படம் எட்டு அனுப்பினார்.

தங்கச்சியின் ஆல்பம் வந்துவிட்டது. தாலி கட்டும் படம் தவிர எல்லாவற்றிலும் வலது கையை இடது கைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.