மாலையில் மட்டும் நெட் இழுக்கிறதா? டவர் நெரிசலா, போன் கோளாறா

சிக்னல் கோடு முழுசாக நிற்கும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். உடனே பழி போன் மேல் விழும். ஆனால் அந்தக் கோடுகள் காட்டுவது டவரின் அலை எவ்வளவு பலமாக வருகிறது என்பதைத்தான். அந்த டவரில் உங்களுக்கு இடம் மிச்சமிருக்கிறதா என்பதை அவை சொல்வதில்லை. ஒரு டவர் தன் கொள்ளளவை அங்கே இணைந்திருக்கும் எல்லாருக்கும் பங்கு போடுகிறது. கூட்டம் கூடினால் பங்கு சுருங்கும்.

நெரிசல் நேரம் பார்த்து வரும். இரவு 8 மணிக்கு 1 எம்பிபிஎஸ் வேகம் கிடைத்த அதே இடத்தில் காலை 5 மணிக்கு 30 கிடைத்தால் பெரும்பாலும் நெரிசல்தான். போன் கோளாறு கடிகாரம் பார்ப்பதில்லை. ஆன்டெனா பழுதென்றால் காலையிலும் இழுக்கும், கூட்டமில்லாத இடத்திலும் இழுக்கும். ஒரு விதிவிலக்கு, சூடு. நாள் முழுக்க உழைத்துக் கொதிக்கும் போன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கொஞ்சம் ஆறவிட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், இரண்டையும் பிரிக்க சிம் மாற்றிப் பார்ப்பதுதான் நல்ல வழி. மாலை நெரிசல் நேரத்தில், பக்கத்தில் நிற்கும் நண்பரின் போனில் உங்கள் சிம்மைப் போடுங்கள். அங்கேயும் 1 எம்பிபிஎஸ்தான் என்றால் போனுக்குக் குற்றமில்லை. அங்கே 15 வந்து, உங்கள் போனில் 1 என்றால் போனைப் பார்க்க வேண்டியதுதான். அப்போது இரண்டு போனிலும் சிக்னல் அளவை ஒப்பிடுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' பகுதிக்குள் சிம் நிலையில் அது இருக்கும். நண்பருடையதில் -85 dBm, உங்களுடையதில் -105 என்றால், உங்கள் போனுக்கு வந்து சேரும் சக்தி நூறில் ஒரு பங்கு. தடித்த உலோக உறையைக் கழற்றியும் அப்படியே இருந்தால் சர்வீஸுக்குக் கொடுக்கலாம்.

இந்தச் சோதனை ஏமாற்றும் இடமும் உண்டு. நண்பரின் போன் புதியதாக இருந்து, உங்களுடையதில் இல்லாத அலைவரிசைகளைப் பிடிக்கலாம். கூட்டம் குறைந்த அலைவரிசையில் அது பறக்கும், உங்களுடையது நெரிசலானதிலேயே முடங்கும். சிக்னல் அளவு கிட்டத்தட்ட சமமாக இருந்தும் வேகம் மட்டும் வேறுபட்டால் இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அது பழுதல்ல, பழைய மாடலின் வரம்பு.

அப்புறம், மூன்றாவதாக ஒன்று: தினசரி டேட்டா தீர்ந்துபோவது. அதுவும் பெரும்பாலும் மாலையில்தான் வரும். ஆனால் நெரிசலில் வேகம் ஏறி இறங்கும். இதில் எங்கே போனாலும் ஒரே தேய்ந்த வேகம்தான், நள்ளிரவில் திடீரெனச் சரியாகிவிடும். சிம் மாற்றினாலும் கூடவே வரும் என்பதால், மாற்றும் முன்னே மீதி டேட்டாவைப் பார்த்துவிடுங்கள்.

நெரிசல்தான் என்று தெரிந்தால் போனை ரீசெட் செய்வது வீண் வேலை. 4ஜி, 5ஜி மாற்றிப் பாருங்கள், இல்லையென்றால் சற்றுத் தள்ளி நடந்து, வேறு டவருக்கு மாறுகிறதா என்று பாருங்கள்.