20 மெகாபிட் அப்லோடு எத்தனை வீடியோ கால் தாங்கும்? செங்கோட்டை அலுவலக லைன், 14 மாதப் பயன்பாடு

24 பேர் வேலை பார்க்கும் அலுவலகம். கணக்கு வேலை பாதி, புனலூர், கொல்லம் பக்கத்து வாடிக்கையாளர்களோடு மலையாளத்தில் வீடியோ காலில் பேசும் வேலை பாதி. லைன் உள்ளூர் கேபிள் வழி வரும் ஃபைபர். டவுன்லோடு 100, அப்லோடு 20 என்று சொல்லிக் கொடுத்தது. (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்பதை இங்கே எல்லா இடத்திலும் மெகாபிட் என்றே எழுதியிருக்கிறது. சுருக்கெழுத்தாக எழுதினால் டாக்டர் படிப்பு மாதிரி ஆகிவிடுகிறது.)

முதல் 2 மாதம் காலை 10.30க்கு மேல் ஐந்தாவது கால் தொடங்கியதுமே குரல் வெட்டி வெட்டி வரும். லைன்மேனைக் கூப்பிட்டால் ஃபைபர் வந்து முடியும் பாக்ஸில் லேப்டாப்பைச் சொருகி, "அண்ணாச்சி, ஸ்பீடு டெஸ்ட்ல 92 காட்டுதே, எங்க பக்கம் ஒண்ணும் இல்லயே" என்பார். அவர் சொன்னது பொய்யில்லை. ஸ்பீடு டெஸ்ட் காட்டும் அந்தப் பெரிய எண் டவுன்லோடு. அலுவலகத்தில் முட்டிக்கொண்டு நின்றது அப்லோடு.

வீட்டு லைனுக்கும் அலுவலக லைனுக்கும் வித்தியாசமே இதுதான். வீட்டில் படம் பார்ப்பது வரத்து மட்டும். வீடியோ காலில் ஒவ்வொருவரும் தன் முகத்தை வெளியே அனுப்பியாக வேண்டும். ஜூம் தரும் கணக்குப்படி, குழுக் காலில் சாதாரணத் தரப் படத்துக்கு அப்லோடு 1 மெகாபிட், 720பி என்ற எச்.டி. தரத்துக்கு 2.6 மெகாபிட். கட்டம் கட்டமாக 25 முகம் தெரியும்படி வைத்தால் டவுன்லோடு 2 மெகாபிட். குரல் மட்டும் என்றால் 0.1 மெகாபிட்கூட ஆகாது. மற்றச் செயலிகளில் எண்கள் கொஞ்சம் மாறும். எச்.டி.யை நிறுத்திவிட்டு இந்த அலுவலகத்தில் அளந்தபோது, ஒரு காலுக்கு அப்லோடு சராசரி 1.2 மெகாபிட் வந்தது. கணக்குக்கு அதையே வைத்துக்கொள்ளலாம்.

இனி கணக்கு. விளம்பரத்தில் சொன்ன 20ஐ வைத்துத் தொடங்கினால் தப்பாகத்தான் முடியும். ஒரு வாரம் தினமும் காலை 11 மணிக்கு, வைஃபை இல்லாமல் ஒயரில், வேறு யாரும் லைனைத் தொடாத 1 நிமிடத்தில் அளந்ததில் ஆகக் குறைந்தது 17. டவுன்லோடு 84. ஆகக் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும், சராசரியை அல்ல. கால் வெட்டுவது அந்தக் குறைந்த நாளில்தான். அந்த 17லும் 15க்கு மேல் போக விடக்கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

15 மெகாபிட் கையில். வாசலிலும் கல்லாவிலும் இருக்கும் 2 கேமராக்கள் கிளவுடுக்கு இரவும் பகலும் அனுப்புவது ஆளுக்கு 1, ஆக 2 போய்விட்டது. கேமராவை எல்லோரும் மறந்துவிடுவார்கள், அதனால்தான் முதலில் கழித்திருக்கிறது. மெயில், வாட்ஸ்அப், டிரைவில் கோப்பு சேமிப்பது எல்லாம் சேர்ந்து ஆளுக்கு 0.1 வைத்தால் 24 பேருக்கு 2.4, சுமார் 2.5. மிச்சம் 10.5. எச்.டி. போட்டுக்கொண்டு பேசினால் 10.5 வகுத்தல் 2.6, நாலே நாலு கால். ஐந்தாவது காலில் வெட்டியதன் மர்மம் இவ்வளவுதான். எச்.டி.யை நிறுத்தினால் 10.5 வகுத்தல் 1.2, எட்டு கால்.

டவுன்லோடு பக்கம் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால்: 84இல் 75 எடுத்துக்கொண்டு, பிரவுசர் வேலைக்கு ஆளுக்கு 1 வீதம் 24 கழித்தால் 51. காலுக்கு 2 என்றால் 25 கால். அலுவலகத்தில் இருப்பவர்களே 24 பேர். ஆக, இந்த லைனில் டவுன்லோடைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. திட்டத்தை 200க்கு உயர்த்தி, அப்லோடு அதே 20 என்று கொடுத்தால், கூடுதல் காசு தண்டம்.

"இந்த லைன் எத்தனை பேரைத் தாங்கும்" என்று கேட்டால் பதில் வராததும் இதனால்தான். பில் போடும் வேலை மட்டும் பார்க்கும் 60 பேரை இதே லைன் அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். எல்லோரும் நாள் முழுக்க வீடியோவில் இருக்கும் ஆன்லைன் டியூஷன் அலுவலகம் என்றால் எட்டுப் பத்துப் பேரோடு சரி. எண்ண வேண்டியது ஒரே நிமிடத்தில் கேமரா திறந்திருக்கும் ஆட்களை. இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. ஒரே அலுவலகத்திலிருந்து 6 பேர் ஒரே மீட்டிங்கில் தனித்தனி லேப்டாப்பில் சேர்ந்தால் அது ஒரு கால் அல்ல, 6 கால். அடுத்த நாற்காலியில் இருப்பவரின் முகம்கூட வெளியே சர்வர் வரை போய்த்தான் திரும்பி வருகிறது. அந்த 6 பேரையும் ஒரே அறையில் ஒரு கேமரா, ஒரு மைக் முன்னால் உட்கார வைத்தால் 5 காலின் அப்லோடு மிச்சம். காசு செலவில்லாமல் கிடைத்த பெரிய லாபம் இந்த 14 மாதத்தில் இதுதான்.

இப்போது அந்த 15இன் காரணம். லைன் நிரம்பினால் உடனே எதுவும் அறுந்துவிடாது. பாக்ஸ் தன்னிடம் வரும் தரவுப் பொட்டலங்களை வரிசையில் நிறுத்தி வைக்கும். அந்த வரிசைக்கு 1 மெகாபைட் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது 8 மெகாபிட். 20 மெகாபிட் லைனில் அது காலியாக 0.4 நொடி ஆகும். குரல் எவ்வளவு சிறிய பொட்டலமாக இருந்தாலும் அந்த வரிசையின் வாலில்தான் நிற்க வேண்டும். 0.4 நொடி தாமதமானால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "சொல்லுங்க சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இதைச் செய்ய 20 பேர் தேவையில்லை. யாரோ ஒருவரின் போன் அலுவலக வைஃபையில் சேர்ந்ததும் கல்யாண போட்டோக்களை பேக்கப் எடுக்கத் தொடங்கினால் போதும். டவுன்லோடும் கூடவே படுத்துவிடும். வந்த தரவுக்கெல்லாம் 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகை வெளியே போக வேண்டுமே, அதுவும் அதே வரிசையில்தான் மாட்டிக்கொள்கிறது.

சோதிப்பது எளிது. விண்டோஸ் லேப்டாப்பை ஒயரில் இணைத்து, இரண்டு கமாண்ட் விண்டோ திறந்து இந்த இரண்டையும் ஓடவிட வேண்டும்.

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதலாவது அலுவலக ரௌட்டர் (முகவரி உங்கள் ரௌட்டருக்கு ஏற்ப மாறும்), இரண்டாவது வெளியே. 1 நிமிடம் சும்மா விட்டு, போய்த் திரும்பும் நேரமாக அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, 500 மெகாபைட் கோப்பு ஒன்றை டிரைவில் ஏற்றுங்கள். 17 மெகாபிட்டில் அது சுமார் 4 நிமிடம் ஓடும். இங்கே சும்மா இருந்தபோது 22 மில்லிநொடி, ஏற்றும்போது 380. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 30க்குள் இருந்தால் லைன் நல்லது. 100ஐத் தாண்டினால் பேச்சு இடறும். ரௌட்டரின் எண் அசையாமல் வெளி எண் மட்டும் எகிறினால் அடைப்பு லைனில். இதே சோதனையை வைஃபையில் செய்து, ரௌட்டரின் எண்ணே 50, 200 என்று குதித்தால், லைன்காரரைத் திட்டிப் பயனில்லை, வைஃபையைத்தான் பார்க்க வேண்டும். கால் பேசும் மேசைகளுக்கு ஒயர் இழுத்தது அதற்குப் பிறகுதான்.

வரிசையைச் சரிசெய்ய பாக்ஸுக்குப் பின்னால் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரௌட்டர் மென்பொருள் ஏற்றிய ரௌட்டர் ஒன்று வைத்து, luci-app-sqm நிறுவி, இப்படி அமைத்தது.

```
uci set sqm.@queue[0].interface='eth1'
uci set sqm.@queue[0].download='75000'
uci set sqm.@queue[0].upload='15000'
uci set sqm.@queue[0].qdisc='cake'
uci set sqm.@queue[0].script='piece_of_cake.qos'
uci set sqm.@queue[0].enabled='1'
uci commit sqm
/etc/init.d/sqm restart
```

eth1 இருக்கும் இடத்தில் உங்கள் ரௌட்டரில் வெளி லைன் சொருகிய போர்ட்டின் பெயர் வர வேண்டும். எண்கள் கிலோபிட்டில். 17இல் 15 வைத்ததற்குக் காரணம், வரிசை பாக்ஸில் சேராமல் இந்த ரௌட்டரிலேயே சேர வேண்டும். இங்கே சேர்ந்தால், மேலே cake என்று அமைத்த வரிசை முறையான கேக் ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியாகப் பிரித்து, குரல் மாதிரி மெல்லியதை முன்னே விட்டு, போட்டோ பேக்கப்பைக் காக்க வைக்கும். எண்ணைப் பேராசையில் 17 என்றே வைத்தால் லைன் 16க்கு இறங்கிய நாளில் வரிசை மறுபடி பாக்ஸுக்குப் போய்விடும், அமைத்தது வீண். அமைத்தபின் அதே 500 மெகாபைட் சோதனையில் 380 இருந்த இடத்தில் 34 வந்தது. விலை குறைந்த ரௌட்டர்களில் 100 மெகாபிட்டுக்கு மேல் இந்த வேலைக்கு ப்ராசசர் திணறலாம். இந்த லைனுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை.

இன்றைய நிலவரம்: 8 கால் வரை சுத்தமாகப் போகிறது. 9 தாங்குகிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதில்லை அல்லவா. 11ஆவது வந்த ஒருநாள் படம் கட்டம் கட்டமாக மங்கியது, குரல் மட்டும் நின்றது. கணக்கும் நடைமுறையும் இவ்வளவு ஒட்டி வந்ததற்கு, கணக்கில் எடுத்தவை அளந்த எண்கள் என்பதே காரணம். ஒரு எச்சரிக்கை: நிறுவனம் காட்டும் பயன்பாட்டு வரைபடம் பலமுறை 5 நிமிடச் சராசரியாக இருக்கும். அதில் அப்லோடு 9ஐத் தாண்டாது. கால் வெட்டுவது 20 நொடி உச்சத்தில். ரௌட்டரில் vnstat நிறுவி, vnstat -i eth1 -l ஓடவிட்டு 10.30 முதல் 11.30 வரை கண்ணால் பார்த்தால்தான் அது தெரியும்.

ஜூனில் சாரல் தொடங்கினால் கதை வேறு. புளியரை பக்கம் மரக்கிளை விழுந்து ஒயர் அறுவது ஒன்று. அதைவிடத் தொல்லை, ஜாயிண்டில் ஈரம் இறங்கி லைன் இருந்தும் இல்லாமலும் கிடப்பது. பாக்ஸின் அமைப்புப் பக்கத்தில் ஒளி அளவைப் பார்த்தால் அது பிடிபடும். வெயில் காலத்தில் மைனஸ் 21 இருந்தது, மழை வாரத்தில் மைனஸ் 27 ஆனது. பரவலாகப் போடும் வகைப் பாக்ஸுக்கு எல்லையே மைனஸ் 27தான். லைன்மேனிடம் "ஸ்லோவா இருக்கு" என்பதற்குப் பதில் இந்த இரண்டு எண்ணைச் சொன்னால் அன்றைக்கே ஆள் வந்து ஜாயிண்டை மாற்றுகிறார்.

லைன் அறுந்த நாளுக்கு 4ஜி டாங்கிள் ஒன்று ரௌட்டரில் இருக்கிறது. அப்லோடு காலையில் 6, மாலையில் 3 என்று ஆடும். கேமரா 2 மெகாபிட்டை அதில் விட்டால் அடியோடு காலி, எனவே முதல் வேலை கேமராக்களின் கிளவுடு பதிவை நிறுத்துவது. பிறகு வீடியோ எல்லோருக்கும் தடை, குரல் மட்டும். 24 பேரும் பேசினால்கூட 2.4 மெகாபிட்தான். வாடிக்கையாளர் முகம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் காலையில் இரண்டு பேருக்கு அனுமதி, மாலையில் யாருக்கும் இல்லை. ரௌட்டரில் கேக்கின் போர்ட்டை டாங்கிளுக்கு மாற்றி, எண்ணையும் அந்த நேரத்து 4ஜிக்குத் தக்கபடி, மாலை என்றால் 2500 என்று, இறக்க வேண்டும், ஃபைபர் திரும்பியதும் மறக்காமல் பழைய போர்ட், 15000 என்று ஆக்க வேண்டும். ஒருமுறை மறந்துபோய், லைன் வந்த பிறகும் மூன்று நாள் 'ஸ்லோ' புகார் ஓடியது. லைன்மேன் பாவம், அந்த மூன்று நாளும் அவர் மேல்தான் பழி.