மிட்-சைடு முறையில் 7 ஆண்டுகள்: அகலத்தை மாற்றும்போது கூடவே மாறுபவை

மிட்-சைடு முறையைப் பற்றி முதலில் கேள்விப்படும் எல்லோரையும் இழுப்பது ஒரே விஷயம்தான்: பதிவு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் ஸ்டீரியோ அகலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நானும் அதற்காகத்தான் இதை எடுத்தேன். 7 ஆண்டுகளாகச் சேர்ந்திசைக் குழுக்கள், சிறிய வாத்தியக் குழுக்கள் என்று பெரும்பாலும் இந்த முறையில்தான் பதிவு செய்கிறேன். அந்த வசதி உண்மைதான். ஆனால் சைடு ஃபேடரை நகர்த்தும்போது அகலம் மட்டும் மாறுவதில்லை. இது எனக்குப் புரியவே முதல் 2 ஆண்டுகள் ஆயின.

அமைப்பு எளிது. முன்னால் முழுதாகவும் பக்கங்களுக்குப் போகப்போகக் குறைவாகவும் கேட்கும் கார்டியாய்டு மைக் ஒன்று நேராகப் பாடகர்களைப் பார்க்கும், அது மிட். எட்டு வடிவ மைக் ஒன்று பக்கவாட்டில் பார்க்கும், அது சைடு. எட்டு வடிவ மைக் முன்னும் பின்னும் ஒரே அளவு கேட்கும், ஆனால் பின்பக்க ஒலி தலைகீழ் போலாரிட்டியில் வரும். அதன் முன்பக்கம் இடதைப் பார்க்க வேண்டும். இரண்டு மைக்கின் கேப்சூல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக, முடிந்த அளவு நெருங்கி, ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். ஆலன் ப்ளம்லைன் 1931இல் பதிவு செய்த ஸ்டீரியோ காப்புரிமையிலேயே இந்தக் கூட்டல் கழித்தல் யோசனை இருக்கிறது. கணக்கு இவ்வளவுதான்:

```
L = M + S
R = M - S
```

இரண்டையும் கூட்டி மோனோ ஆக்கினால் சைடு முழுவதும் அடிபட்டு மிட் மட்டும் மிஞ்சும். அதனால்தான் மோனோவில் இது கெடாது என்கிறார்கள். சைடைப் பூஜ்யமாக்கினால் மோனோ. ஏற்ற ஏற்ற அகலம் கூடும்.

மென்பொருளில் இதைச் செய்ய நான் தனிப் ப்ளக்-இன் எதையும் நம்பியிருப்பதில்லை. மிட் ட்ராக் நடுவில் இருக்கும். சைடு ட்ராக்கை நகல் எடுத்து, ஒன்றை முழு இடதுக்கும் மற்றதை முழு வலதுக்கும் பான் செய்து, வலதின் போலாரிட்டியைத் திருப்பி, இரண்டு ஃபேடரையும் சேர்த்துக் கட்டிவிடுவேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: மிட்டை மியூட் செய்து, வெளியீட்டை மோனோ ஆக்கினால் முழு அமைதி வர வேண்டும். ஏதாவது கேட்டால் அந்த இரண்டு நகல்களின் அளவு ஒன்றாக இல்லை என்று அர்த்தம்.

இங்கே என்னை ஒருமுறை நன்றாக அலைக்கழித்த விஷயம் பான் விதி. பழைய பதிவு ஒன்றை வேறு மென்பொருளில் திறந்தேன். ஃபேடர் எண்கள் எல்லாம் அதே, ஆனால் ஒலி முன்பைவிட அகலமாக இருந்தது. நடுவில் பான் செய்த ட்ராக்கை அந்த மென்பொருள் 3 டெசிபல் குறைக்கிறது, ஓரத்துக்குத் தள்ளிய ட்ராக்கை அப்படியே விடுகிறது. அப்படியானால் மிட் 3 டெசிபல் இறங்கியது. சைடை நான் தொடாமலேயே 3 டெசிபல் ஏற்றியது போல ஆகிவிட்டது. இப்போது மிட்டையும் இரண்டு நகல் எடுத்து இடதிலும் வலதிலும் ஒரே போலாரிட்டியில் வைக்கிறேன். எந்த மென்பொருளுக்குப் போனாலும் விகிதம் மாறாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம். 14 பேர் கொண்ட சேர்ந்திசைக் குழு, அரைவட்டமாக நிற்கிறார்கள், எல்லோரும் மைக்கிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். இடது முனையில் உச்சஸ்தாயிப் பெண் குரல்கள், வலது முனையில் கனத்த ஆண் குரல்கள். மைக்கிலிருந்து பார்த்தால் முனையில் நிற்பவர்கள் நேர்முகத்திலிருந்து 75 பாகை தள்ளி இருந்தார்கள். அது அதிகம் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அகலத்தைத்தான் பிறகு மாற்றிக்கொள்ளலாமே!

வீட்டில் மிட்டும் சைடும் சம அளவில் வைத்துக் கேட்டேன். (சம அளவு என்றால் ஃபேடர் எண் சமம் என்று அல்ல. இரண்டு மைக்கையும் ஒரே ஒலியை நேராகப் பார்க்க வைத்து, இரண்டும் ஒரே அளவு காட்டும்படி முதலிலேயே சரிசெய்திருந்தேன். மைக்குக்கு மைக் உணர்திறன் வேறுபடும் என்பதால் இதைச் செய்யாவிட்டால் எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை.) கேட்டதும் ஆகா, எவ்வளவு விரிவு என்றுதான் தோன்றியது. பத்து நிமிடம் கழித்து இரண்டு விஷயங்கள் உறுத்தின. இடது முனைக் குரல்கள் ஸ்பீக்கரிலிருந்து வருவது போல் இல்லாமல், அதற்கும் வெளியே எங்கேயோ, காதை யாரோ லேசாக உறிஞ்சுவது போன்ற உணர்வோடு வந்தன. அப்புறம், நடுவில் நின்றவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். முனைக் குரல்கள் அவர்களைவிடச் சத்தமாக இருந்தன. அன்று அரங்கில் அப்படி இல்லை.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு குரல் முழு இடதில் கேட்பது அதன் சைடு அளவும் மிட் அளவும் சமமாகும்போதுதான். அப்போது வலது சரியாகப் பூஜ்யம். சைடு அதையும் தாண்டினால் வலதில் அந்தக் குரல் மறுபடி தோன்றும், ஆனால் தலைகீழ் போலாரிட்டியில். அந்த உறிஞ்சும் உணர்வு இதுதான். மிட் கார்டியாய்டாக இருந்து, இரண்டும் சம அளவில் இருந்தால் இந்த எல்லை நேர்முகத்திலிருந்து 53 பாகையிலேயே வந்துவிடுகிறது. சைடை 3 டெசிபல் குறைத்தால் எல்லை 70 பாகைக்குப் போகும். 6 குறைத்தால் 90 பாகைக்கு. என் முனைப் பாடகர்கள் 75இல் நின்றார்கள். ஆகவே சம அளவில் அவர்கள் எல்லைக்கு வெளியே இருந்தார்கள், அவர்கள் குரல் வலது ஸ்பீக்கரிலும் 13 டெசிபல் குறைவாகத் தலைகீழாக வந்துகொண்டிருந்தது.

சத்தத்தின் கதை இன்னும் சுவாரசியம். நடுவில் நிற்பவரை சைடு மைக் கேட்பதே இல்லை. அவர் குரல் முழுக்க மிட்டில்தான். முனையில் நிற்பவர் குரலில் பெரும்பங்கு சைடில். ஆகவே சைடை ஏற்றும்போது முனைக் குரல்கள் மட்டும் ஏறும். என் பதிவில் சம அளவில் முனைக் குரல்கள் நடுவைவிட 1 டெசிபலுக்குச் சற்றே கூடுதல். சைடை 6 டெசிபல் குறைத்தால் அதே குரல்கள் நடுவைவிட 2 டெசிபல் குறைவு. 3 டெசிபலுக்கு மேல் குழுவின் சமநிலையே மாறுகிறது! அகலத்தை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் யார் முன்னால் பாட வேண்டும் என்பதை மாற்றிக்கொண்டிருந்தேன்.

அரங்கின் எதிரொலியும் இதே வழியில்தான். எதிரொலி எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது, நேர் ஒலி பெரும்பாலும் முன்னாலிருந்து. சைடு மைக் முன்பக்கத்துக்குக் காது கேளாதது. அதனால் சைடை ஏற்ற ஏற்ற அரங்கம் பெரிதாகி, பாடகர்கள் தூரம் போவார்கள். வறண்ட பதிவுக்கு இது வரம். ஏற்கெனவே எதிரொலி மிகுந்த அரங்கில், அகலம் கேட்டு சைடை ஏற்றுவது தண்ணீரில் தண்ணீர் ஊற்றுவது போல.

கடைசியில் சைடை 5 டெசிபல் குறைத்து நிறுத்தினேன். எல்லை 83 பாகைக்குப் போனது, முனைக் குரல்கள் ஸ்பீக்கருக்குள் அடங்கின, நடுவைவிட ஒன்றரை டெசிபல்தான் குறைவு. ஸ்டீரியோவில் நன்றாகவே இருந்தது. மோனோவில் கேட்டபோது தான் சரிசெய்யவே முடியாத தவறு தெரிந்தது: முனைக் குரல்கள் 4 டெசிபல் குறைவாக இருந்தன. மோனோவில் மிட் மட்டும்தான் இருக்கிறது, 75 பாகையில் கார்டியாய்டு கேட்பது அவ்வளவுதான். சைடு ஃபேடரை எங்கே வைத்தாலும் அந்த 4 அப்படியே இருக்கும். மோனோவில் கெடாது என்பது குரல் மறையாது என்று மட்டும்தான் பொருள் தரும். சமநிலை சரியாக இருக்கும் என்று இல்லை.

ஆகவே இப்போது அரங்கில் நான் முதலில் கேட்பது மிட்டை மட்டும், மோனோவில். அதில் குழு சமநிலையாக இருக்கும்வரை மைக்கைப் பின்னால் நகர்த்துவேன். முனைகள் 50 பாகைக்குள் வந்தால் அந்தக் குறைவு 2 டெசிபலுக்கும் கீழே போய்விடும். அரங்கம் நல்ல அரங்கமாக இருந்தால் மிட்டுக்கு எல்லாத் திசையும் ஒரே அளவு கேட்கும் ஆம்னி மைக்கை வைப்பதும் உண்டு. அப்போது ஓரங்கள் குறையவே குறையாது, ஆனால் பின்னாலிருக்கும் பார்வையாளர் இருமலும் முழுதாக வரும்.

சைடு கெயினைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சைடு ட்ராக் பதிவாகும்போது சோனியாகத் தெரியும், விட்டுவிடத் தோன்றும். பிறகு அதை 10 டெசிபல் ஏற்றினால் மைக்கின் இரைச்சலும் ஏறும். அது இரு ஸ்பீக்கரிலும் எதிரெதிராக வருவதால் அறை முழுக்கப் பரவிய இரைச்சலாகக் கேட்கும். மெதுவான பகுதிகளில் இதை மறைக்க வழியில்லை. ஆகவே இரண்டுக்கும் போதிய கெயின் கொடுத்துவிட்டு, எவ்வளவு கொடுத்தேன் என்று குறித்துக்கொள்கிறேன்.

அகலத்தை முடிவு செய்வது ஸ்பீக்கரில்தான். ஹெட்போனில் இடதும் வலதும் தனித்தனிக் காதுக்குப் போவதால் குறைந்த அகலமே போதும் போலத் தோன்றும், அல்லது எல்லையைத் தாண்டியதே தெரியாது. ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து, முனையில் இருக்கும் குரல் ஒன்றை மட்டும் கவனித்து, அது ஸ்பீக்கருக்கு வெளியே போகும்வரை சைடை ஏற்றி, அங்கிருந்து 2 டெசிபல் இறக்குகிறேன்.

டிகோடு செய்த இடது-வலது கோப்பு மட்டும் கையில் இருந்தாலும் திரும்பிப் போகலாம்: இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் மிட், கழித்துப் பாதியாக்கினால் சைடு. ஆனால் இடது வலதுக்குத் தனித்தனியாகக் கம்ப்ரஸர் போட்டிருந்தால் அந்தக் கணக்கு சுத்தமாக வராது. அதனால் மூலக் கோப்பைத்தான் பத்திரப்படுத்துகிறேன். முதல் சேனல் மிட், இரண்டாவது சைடு. வேகமாக ஒரு பிரதி வேண்டுமென்றால் இது போதும். இதில் சைடு மிட்டைவிட 6 டெசிபல் குறைவு, கூட்டலில் உச்சம் தாண்டாமலிருக்க மிட்டும் பாதி:

```
ffmpeg -i kural_MS.wav -af "pan=stereo|c0=0.5*c0+0.25*c1|c1=0.5*c0-0.25*c1" kural_LR.wav
```

கோப்புப் பெயரில் அந்த `_MS` இல்லாமல் நான் எந்த மூலக் கோப்பையும் சேமிப்பதில்லை. ஒருமுறை டிகோடு செய்யாத கோப்பையே குழுவுக்கு அனுப்பிவிட்டேன். இடது காதில் முழுக் குழுவும், வலது காதில் நடுவே யாரும் இல்லாத வெறும் அரங்கமும் கேட்டதாகச் சொன்னார்கள். பதிவின் தொடக்கத்தில் இடது பக்கம் நின்று “இது இடது” என்று சொல்வதையும் அன்றிலிருந்துதான் ஆரம்பித்தேன். டிகோடு செய்த பிறகு அந்தக் குரல் இடதிலிருந்து வந்தால் எட்டு வடிவ மைக் சரியான பக்கம் பார்த்திருக்கிறது, வலதிலிருந்து வந்தால் சைடின் போலாரிட்டியைத் திருப்பினால் போதும்.