மீல் மேக்கரும் கோழிக்கறியும்: 100 கிராம் கணக்கு எங்கே பிசகுகிறது

மீல் மேக்கர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் 100 கிராமுக்குப் புரதம் 52 கிராம் என்று இருக்கும். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியில் பச்சையாக 22, 23 கிராம்தான். கோழியைவிட இரண்டு மடங்கு என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த 52 காய்ந்த உருண்டைக்கான கணக்கு. அதை யாரும் அப்படியே சாப்பிடுவதில்லை.

50 கிராம் உருண்டையைக் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, குளிர்ந்த தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்தால், ஏறக்குறைய 150 கிராம் தேறும். புரதம் அதே 26 கிராம், கலோரி அதே 170, கூடியதெல்லாம் தண்ணீர். அதாவது ஊறிய உருண்டை 100 கிராமில் புரதம் 17 கிராம், கலோரி 115 அளவில். கோழியில் நடப்பது தலைகீழ். வெந்ததும் தண்ணீர் விட்டு, 100 கிராம் நெஞ்சுக்கறி 75 கிராமாகச் சுருங்கும். அதனால்தான் வெந்த கறிக்கு 31 கிராம் புரதம், 165 கலோரி என்று அட்டவணைகள் சொல்கின்றன. ஒன்றை உலர்ந்த நிலையிலும் இன்னொன்றை வெந்த நிலையிலும் எடுத்து ஒப்பிட்டால் விடை தப்பாகத்தான் வரும். இரண்டையும் சமைக்கும் முன்பே எடைபோட்டு எழுதிவைப்பதுதான் எங்களுக்குச் சரிப்பட்ட வழி.

அதே 26 கிராம் புரதத்துக்குப் பச்சை நெஞ்சுக்கறி 115 கிராம் போதும். கலோரி 140-ஐத் தாண்டாது. மீல் மேக்கர் 30 கலோரிதான் அதிகம், அதுவும் மாவுச்சத்தால். கொழுப்பு அதில் அரை கிராம்கூட இல்லை, ஏனென்றால் எண்ணெய் எடுத்த சோயா மாவில்தான் அதைச் செய்கிறார்கள். நெஞ்சுக்கறியில் 3 கிராம். ஆனால் கோழி என்றாலே கொழுப்புக் குறைவு என்று நினைக்க வேண்டாம்: தோலோடு கூடிய தொடைக்கறி 100 கிராமில் பச்சையாகவே 16 கிராம் கொழுப்பும் 220 கலோரியும் உண்டு.

மீல் மேக்கர் கணக்கைக் கெடுப்பது வாணலி. உள்ளே முழுக்கத் துளைகள் என்பதால், சரியாகப் பிழியாத உருண்டை மசாலாவை ஏற்காது. சுவை போதவில்லை என்று எண்ணெயைக் கூட்டுவோம், அதை உருண்டை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடினாலே 120 கலோரி. எண்ணெய்ப் புட்டியைச் சமைக்கும் முன்னும் பின்னும் எடைபோட்டால் எவ்வளவு போனது என்று தெரிந்துவிடும்.

உறையவைத்த தாவர நக்கெட், பர்கர் வடை எல்லாம் வேறு ரகம். சாறு ஊறுவது போன்ற உணர்வுக்காகத் தேங்காய் எண்ணெயோ வேறு எண்ணெயோ சேர்த்திருப்பார்கள். 100 கிராமுக்குப் புரதம் 15, கொழுப்பு 12, கலோரி 230 என்று போட்ட ஒன்றை எடுத்தால், 26 கிராம் புரதத்துக்கு 173 கிராம் சாப்பிட வேண்டும். கலோரி 400-ஐ எட்டும். புரதத்துக்காக இதை வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வாங்குவதானால் புரத கிராமை 4-ஆல் பெருக்கி மொத்தக் கலோரியோடு ஒப்பிடுங்கள்: இதில் 60, கால் பங்குதான், மீல் மேக்கரில் பாதிக்கு மேல், நெஞ்சுக்கறியில் முக்கால் பங்கு.