வெயிலா, வயதா, சிகரெட்டா: முகச் சுருக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு?

முகச் சுருக்கத்துக்குக் காரணம் கேட்டால் "வயசாகுது, வேறென்ன" என்ற பதில்தான் வரும். வெயில், வயது, சிகரெட் மூன்றும் ஒரே முகத்தில்தான் வேலை பார்க்கின்றன. தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வழியில்லை. ஆனால் சில நேரம் அந்தக் கணக்கு தானாகவே பிரிந்து கிடைக்கும்.

2012-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் 69 வயது லாரி ஓட்டுநர் ஒருவரின் படம் வெளியானது. 28 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். ஜன்னலோரம் இருந்த இடது கன்னம் தடித்து, ஆழமான வரிகளோடு தொங்கியது. வலது பக்கம் பல வருடம் இளையவருடையதைப் போல இருந்தது. இரண்டு கன்னத்துக்கும் ஒரே வயது, ஒரே உடம்பு. ஜன்னல் கண்ணாடி, தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் யு.வி.பி கதிரைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். யு.வி.ஏ கதிரில் கணிசமான பங்கை உள்ளே விட்டுவிடும். அது சுடாது, அதனால் தெரியவும் தெரியாது. தோலின் அடியடுக்கு வரை போய், தோலை உறுதியாக வைக்கும் புரதமான கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தூண்டிவிடும். இழுத்தால் தோலைத் திரும்பச் சுருங்க வைக்கும் எலாஸ்டின் இழைகளும் சிதைந்து கட்டிகட்டியாகச் சேரும். மஞ்சள் பூத்து, தடித்து, தோல் பை போல ஆவது அதனால்தான்.

வயது மட்டும் என்ன செய்யும் என்று பார்க்க, மேல் கையின் உட்புறத்தைப் பாருங்கள். வெயில் படாத இடம். ஐம்பது, அறுபது வயதிலும் அங்கே மெல்லிய வரிகளும் கொஞ்சம் தளர்ச்சியும்தான் இருக்கும். பெரியவரான பிறகு தோலின் கொலாஜன் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் குறைகிறது என்பது பொதுவான கணக்கு. முப்பதுகளில் அது கண்ணுக்கே தெரியாது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாண்டுகளில் மட்டும் சுமார் 30 சதவீதம் போகலாம். ஐம்பதை ஒட்டி "திடீர்னு முகம் மாறிடுச்சு" என்று பலர் சொல்வது வெறும் பிரமை இல்லை.

சிகரெட்டுக்கு இரட்டையர்கள் சாட்சி. 2013-ல் வெளியான ஆய்வில் 79 ஜோடிகளின் படங்களை ஒப்பிட்டார்கள். அதிகம் புகைத்தவருக்கு மேலுதட்டு வரிகள், கண்ணுக்குக் கீழ்ப் பை, தாடையோரத் தொங்கல் எல்லாம் கூடுதல். நெற்றியிலும் கண்ணோரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது புகையின் கைவரிசை முகத்தின் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும்தான் அதிகம். இதை வைத்து யாரையும் புகைப்பவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உதட்டு வரி வெயிலாலும் வயதாலும் வரும்.

சரி, எது சுருக்கத்தைத் தள்ளிப்போடும்? புகைப்பவர் என்றால் முதலில் அதை நிறுத்தணும். பழைய சேதம் முழுசாகத் திரும்பாது, புதியது சேர்வது குறையும். மற்றவர்களுக்கு என் ஓட்டு சன்ஸ்கிரீனுக்கு. ஆஸ்திரேலியாவின் நாம்பூரில், 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் தடவச் சொன்னார்கள், இன்னொரு பிரிவை அவர்கள் இஷ்டத்துக்கு விட்டார்கள். நாலரை ஆண்டு கழித்துப் புறங்கைத் தோலை அச்செடுத்துப் பார்த்தபோது, தினமும் தடவியவர்களுக்கு முதுமைத் தடயம் 24 சதவீதம் குறைவு. அதே ஆய்வில் கொடுத்த பீட்டா கரோட்டின் மாத்திரையால் பலனே இல்லை. இதில் கோட்டை விடுவது அளவில்தான். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளமாகப் பிதுக்கிய அளவு வேண்டும். பலர் தடவுவது அதில் பாதிகூட இல்லை. அப்புறம் வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று டப்பாவில் போட்ட எஸ்.பி.எஃப் எண்ணுக்கு அர்த்தமில்லை.

சன்ஸ்கிரீன் தடுக்கும், ஏற்கெனவே விழுந்த மெல்லிய வரியைக் குறைக்க வைட்டமின் ஏ குடும்பத்து மருந்தான ட்ரெட்டினாயின் கிரீம் வேண்டும். அது கொலாஜன் உற்பத்தியைக் கூட்டும். பட்டாணி அளவு, இரவில், ஆரம்பத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் சில வாரம் தோல் உரிந்து சிவக்கும். பலரும் "ஒத்துக்கலை" என்று நிறுத்துவது அங்கேதான். மாற்றம் தெரிய மூன்று, நான்கு மாதமாவது ஆகும். தோல் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும், கர்ப்பிணிகளுக்குக் கூடாது. கடையில் கிடைக்கும் ரெட்டினால் அதே குடும்பம், வீரியம் குறைவு.

கொலாஜன் கிரீமில் உள்ள மூலக்கூறு தோலுக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. ஈரப்பதம் கிடைக்கும், அவ்வளவுதான். கொலாஜன் பொடியோ வயிற்றில் செரித்துத் துண்டுகளாகிவிடும். பலன் காட்டும் ஆய்வுகள் உண்டு. ஆனால் 2025-ல் 23 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, நிறுவனப் பணம் வாங்காதவற்றில் அந்தப் பலனைக் காணோம். அந்தக் காசைச் சன்ஸ்கிரீனில் போடலாம்.

மூக்கோரத்திலிருந்து வாய்வரை விழும் ஆழமான மடிப்பை மட்டும் எந்தக் கிரீமும் நிரப்பாது. அங்கே கொழுப்பும் எலும்பும் குறைவதும் சேர்ந்துகொள்கிறது, தோலோடு நிற்கும் விஷயமில்லை.